ஆக்சிஜன் கொடுத்தும் ஏறாத சாச்சுரேஷன்: ஷன்ட்டைக் கண்டுபிடிப்பதும் கையாள்வதும்

மாஸ்க்கில் 15 லிட்டர் ஆக்சிஜன் ஓடுகிறது. அதன் பை நன்றாக உப்பியிருக்கிறது. ஆனாலும் மானிட்டரில் 90ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது. ஐசியு பணிக்குப் புதிதாக வரும் ஹவுஸ் சர்ஜனோ நர்ஸோ சீக்கிரமே இந்த நிலையைச் சந்திப்பார்கள். சிலிண்டர் சரியில்லையோ, டியூப் கழன்றுவிட்டதோ என்று முதலில் தேடுவார்கள். அப்படித் தேடுவது சரிதான். எல்லாம் ஒழுங்காக இருந்தும் ஏறவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் ஷன்ட். உடலிலிருந்து திரும்பி வந்த ரத்தத்தில் ஒரு பகுதி, காற்றையே தொடாமல் இதயத்தின் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்குப் போய்விடுகிறது.

அது எப்படி நடக்கிறது, ஏன் ஆக்சிஜனைக் கூட்டியும் பெரிதாக ஏறுவதில்லை, படுக்கையருகே அதை எப்படிக் கண்டுபிடிப்பது, அடுத்து என்ன செய்வது என்று ஒரே நோயாளியை வைத்துப் பார்ப்போம். இவர் கணக்குக்காக நாம் உருவாக்கிக்கொள்ளும் ஆள். நடுத்தர வயது, இடது நுரையீரல் முழுக்க நிமோனியா. எக்ஸ்ரேயில் இடப்பக்கம் வெள்ளையாக இருக்கிறது, வலப்பக்கம் சுத்தமாக இருக்கிறது. ஹீமோகுளோபின் 15 கிராம். இதயம் நன்றாக வேலை செய்கிறது. வெறும் காற்றில் சாச்சுரேஷன் 82.

முதலில்: இரண்டு ஓடைகள்

இவருடைய வலது நுரையீரலுக்குப் போகும் ரத்தம், காற்று நிறைந்த நுண்ணறைகளை ஒட்டி ஓடுகிறது. அங்கே ஆக்சிஜனை வாங்கிக்கொண்டு இதயத்துக்குத் திரும்புகிறது. இடது நுரையீரலின் நுண்ணறைகளிலோ காற்று இல்லை, சீழும் நீரும்தான் நிரம்பியிருக்கின்றன. அதைச் சுற்றியுள்ள நுண்குழாய்களில் ரத்தம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. எப்படிப் போனதோ அப்படியே, நீலம் மாறாமல் திரும்பி வருகிறது. இரண்டும் இதயத்தின் இடப்பக்கத்தில் கலக்கின்றன. தமனியில் நாம் அளப்பது இந்தக் கலவையைத்தான்.

சாதாரணமாக, மொத்த ரத்தத்தில் ஏறத்தாழ 45 சதவீதம் இடது நுரையீரலுக்குப் போகும். காற்று வராத பகுதியின் ரத்தக்குழாய்கள் தாமாகவே சுருங்கி, ரத்தத்தை நல்ல பகுதிக்குத் திருப்பிவிடும். உடலின் அருமையான தற்காப்பு இது. ஆனால் நிமோனியாவின் அழற்சி இந்தச் சுருக்கத்தைக் கெடுத்துவிடுகிறது. அதனால் நம் நோயாளியில் 40 சதவீத ரத்தம் இன்னும் கெட்ட நுரையீரல் வழியாகவே போகிறது என்று வைத்துக்கொள்வோம். இதைத்தான் 40 சதவீத ஷன்ட் என்கிறோம். ஆரோக்கியமானவர்களுக்கும் சில சதவீதம் ஷன்ட் உண்டு. இதயத் தசையிலிருந்தும் மூச்சுக்குழல் சுவரிலிருந்தும் வரும் சில சிறு சிரைகள் நேராக இடப்பக்கத்து ரத்தத்தில் கலப்பதால் அது வருகிறது. அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

இனி முக்கியமான விஷயம். நாம் மாஸ்க்கில் கொடுக்கும் ஆக்சிஜன் மூச்சுக்காற்று போகும் இடத்துக்குத்தான் போகும். இடது நுரையீரலுக்குள் காற்றே போகவில்லை. 21 சதவீதம் கொடுத்தாலும் 100 சதவீதம் கொடுத்தாலும் அந்த 40 பங்கு ரத்தத்துக்கு ஒன்றும் தெரியாது. கூடுதல் ஆக்சிஜன் முழுவதும் வலது நுரையீரலின் ரத்தத்துக்குத்தான் போய்ச் சேர்கிறது. அந்த ரத்தமோ வெறும் காற்றிலேயே ஏறக்குறைய நிரம்பிவிட்டது.

கணக்கு: அழுத்தத்தை அல்ல, அளவைக் கலக்க வேண்டும்

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். ஏபிஜி ரிப்போர்ட்டில் வரும் PaO2 ஓர் அழுத்தம். ரத்தத்தில் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்பதை அது நேரடியாகச் சொல்வதில்லை. இரண்டு ரத்தங்கள் கலக்கும்போது சராசரியாவது ஆக்சிஜனின் அளவு. 100 மி.லி. ரத்தத்தில் எத்தனை மி.லி. ஆக்சிஜன் இருக்கிறது என்பதற்கு இந்தச் சூத்திரம்:

```
CaO2 = (1.34 × Hb × SaO2) + (0.003 × PaO2)
```

SaO2வைப் பின்னமாகப் போட வேண்டும், 97.5 என்றால் 0.975. முதல் பகுதி ஹீமோகுளோபின் பிடித்துவைத்திருப்பது. இரண்டாவது, திரவத்தில் கரைந்திருப்பது. ஹீமோகுளோபினை ஒரு பஸ்ஸின் இருக்கைகள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். எல்லா இருக்கையும் நிறைந்த பிறகு ஏறுபவர்கள் நின்றுகொண்டு வர வேண்டியதுதான், நிற்க இடமும் மிகக் குறைவு. ஹீமோகுளோபின் 15 என்றால் இருக்கைகள் 1.34 × 15, அதாவது 20.1 மி.லி. கரைந்திருப்பதோ, அழுத்தம் 100 மி.மீ. ஆகும்போதுகூட வெறும் 0.3 மி.லி.

வெறும் காற்றில் நல்ல நுண்ணறையில் ஆக்சிஜன் அழுத்தம் சுமார் 100 மி.மீ. அதை ஒட்டி வரும் ரத்தத்தின் சாச்சுரேஷன் 97.5 என்று வைத்தால், 19.6 மி.லி. ஹீமோகுளோபினில், 0.3 மி.லி. கரைசலில், ஆக மொத்தம் 19.9. உடல் ஒவ்வொரு 100 மி.லி. ரத்தத்திலிருந்தும் ஏறத்தாழ 5 மி.லி. எடுத்துக்கொள்கிறது. அதனால் கெட்ட நுரையீரல் வழியாக வரும் ரத்தத்தில், தமனியில் இருப்பதைவிட 5 குறைவாகவே இருக்கும். கணக்குப் போட்டால் அது 11.6 என்று வரும். இப்போது கலப்போம். 60 பங்கு 19.9, 40 பங்கு 11.6. கலவை 16.6 மி.லி. சாச்சுரேஷனாக மாற்றினால் 82. PaO2 சுமார் 46. நம் நோயாளி வந்தபோது மானிட்டர் காட்டிய 82 இதுதான்.

இப்போது 100 சதவீத ஆக்சிஜன். நல்ல நுண்ணறையில் அழுத்தம் 100லிருந்து 670க்குத் தாவிவிடுகிறது. பிரமாதமான ஏற்றமாகத் தெரிகிறது. ஆனால் நல்ல ரத்தத்துக்கு என்ன கிடைத்தது? இருக்கைகள் 97.5லிருந்து 100 ஆனதில் 0.5 மி.லி. கரைசலில் 0.3 இருந்தது 2.0 ஆனதில் 1.7 மி.லி. மொத்தமே 2.2 மி.லி. தான். 19.9 இருந்தது 22.1 ஆயிற்று.

கலப்போம். உடல் அதே 5ஐ எடுப்பதால் திரும்பி வரும் ரத்தமும் 11.6லிருந்து 13.8க்கு ஏறிவிட்டது. 60 பங்கு 22.1, 40 பங்கு 13.8. கலவை 18.8 மி.லி. சாச்சுரேஷன் 92. PaO2 சுமார் 64.

46 இருந்தது 64. ஆரோக்கியமான ஒருவருக்கு இதே 100 சதவீதத்தைக் கொடுத்தால் 600ஐத் தாண்டியிருக்கும். ஆனால் மி.லி. கணக்கில் பாருங்கள். அவருக்கும் கிடைத்தது ஏறத்தாழ 2.2, இவருக்கும் 2.2. அவருடைய ரத்தத்தில் காலி இருக்கையே இல்லை, கூடுதலாக வந்ததெல்லாம் கரைசலில்தான் நிற்கிறது, அதனால் அழுத்தம் எகிறுகிறது. நம் நோயாளியில், நல்ல ரத்தம் கரைசலில் சுமந்து வந்த அந்தக் கொஞ்சம் ஆக்சிஜனை, கலந்த அந்தக் கணமே ஷன்ட் ரத்தத்தின் காலி இருக்கைகள் பிடித்துக்கொள்கின்றன. அழுத்தமாகக் காட்ட மிச்சம் இருப்பதில்லை.

அழுத்தங்களையே சராசரி எடுத்தால் எவ்வளவு தூரம் தப்பாகும் என்று பாருங்கள். 670இல் 60 பங்கு, சிரை ரத்தத்தின் 36இல் 40 பங்கு, கூட்டினால் 416 வரும். உண்மை 64. "100 சதவீதம் கொடுக்கிறோமே, 400ஆவது வர வேண்டாமா" என்ற குழப்பம் இந்தத் தப்புக் கணக்கிலிருந்து வருவதுதான்.

இதிலிருந்து இன்னொன்றும் புரிய வேண்டும். ஷன்ட்டில் ஆக்சிஜனால் பயனே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 82லிருந்து 92க்கு வருவது உயிர் காக்கும் வித்தியாசம். மாஸ்க்கைக் கழற்றக் கூடாது. அதற்கு மேல் அதிலிருந்து கிடைக்காது என்பதையும், மிச்சத்தை வேறு வழியில் தேட வேண்டும் என்பதையும் மட்டும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

கார்பன் டை ஆக்சைடு ஏன் ஏறவில்லை?

இது பலரும் கேட்கும் கேள்வி. 40 சதவீத ரத்தம் நுரையீரலில் வேலையே செய்யாமல் வந்தால் கார்பன் டை ஆக்சைடும் தேங்க வேண்டுமே? தேங்கப் பார்க்கும். உடனே மூளை மூச்சை வேகப்படுத்தும், வலது நுரையீரல் கூடுதலாக வெளியேற்றிவிடும். கார்பன் டை ஆக்சைடில் அது நடக்கும். மூச்சை எவ்வளவு கூட்டுகிறோமோ அதற்கேற்ப நல்ல ரத்தத்தில் அது குறைந்துகொண்டே போகும், அதனால் ஒரு பக்கம் மறுபக்கத்தை ஈடுகட்டும். ஆக்சிஜனில் அது முடியாது. நல்ல ரத்தம் ஏற்கெனவே நிரம்பிவிட்டது, இரண்டு மடங்கு மூச்சு விட்டாலும் கூடுதலாக ஏற்ற இடமில்லை. அதனால் ஷன்ட் உள்ளவரின் ஏபிஜியில் PaO2 குறைவாகவும், PaCO2 சரியாகவோ இன்னும் தாழ்வாகவோ இருப்பது வழக்கம். PaCO2 ஏற ஆரம்பித்தால், மூச்சு விடும் தசைகள் களைத்துவிட்டன என்று பொருள். உடனே சீனியரைக் கூப்பிட வேண்டிய நேரம் அது.

படி 1: எண் உண்மைதானா?

மானிட்டர் காட்டுவதை நம்புவதற்கு முன், பல்ஸ் ஆக்சிமீட்டரின் அலை ஒழுங்காக வருகிறதா, அதில் வரும் நாடித்துடிப்பு ஈசிஜியின் துடிப்போடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். கை குளிர்ந்திருந்தாலோ நகப்பூச்சு இருந்தாலோ விரலை மாற்றிப் பாருங்கள். காது மடலிலும் பார்க்கலாம்.

அப்புறம், உண்மையில் எவ்வளவு ஆக்சிஜன் உள்ளே போகிறது என்று யோசியுங்கள். பையுள்ள மாஸ்க்கில் 15 லிட்டர் வைத்தாலும், மூச்சு வாங்கும் நோயாளி பக்கவாட்டு இடைவெளியில் வெளிக்காற்றையும் சேர்த்து இழுப்பார். 100 சதவீதம் கிடைப்பதாக எண்ணக் கூடாது, சிலருக்கு 60, 70தான் கிடைக்கும். "ஆக்சிஜனுக்குப் பதில் கொடுக்கவில்லை" என்று முடிவு கட்டும் முன் மாஸ்க் முகத்தில் இறுக்கமாகப் பொருந்தியிருக்க வேண்டும்.

பிறகு ஏபிஜி எடுங்கள். குத்தும்போது தமனிக்குப் பதில் சிரையில் பட்டிருந்தால் PO2 40 அருகே வரும். மானிட்டரின் எண்ணோடு ஒப்பிட்டாலே இது தெரிந்துவிடும். சிரிஞ்சில் காற்றுக் குமிழி இருந்தால் உடனே வெளியேற்றுங்கள். குமிழியில் உள்ள ஆக்சிஜன் அழுத்தம் 150 மி.மீ. அளவில் இருக்கும். அதனால் உண்மையில் 50 உள்ள ரத்தத்தை அது உயர்த்திக் காட்டும், 500 உள்ளதைத் தாழ்த்திக் காட்டும். சாம்பிளை வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போகாமல் உடனே மெஷினில் போடுங்கள்.

ஷன்ட் போலவே ஏமாற்றும் ஒன்று இருக்கிறது. சாச்சுரேஷன் 85 அருகே சிக்கிக்கொண்டு எவ்வளவு ஆக்சிஜன் கொடுத்தாலும் நகரவில்லை, ஆனால் ஏபிஜியில் PaO2 300, 400 என்று நன்றாகவே இருக்கிறது, எடுத்த ரத்தம் சாக்லேட் நிறத்தில் இருக்கிறது. இது மெத்ஹீமோகுளோபின். நுரையீரல் சரியாகத்தான் இருக்கிறது, ஹீமோகுளோபின்தான் கெட்டுவிட்டது. டாப்சோன் மாத்திரை, நைட்ரோபென்சீன் விஷம் போன்றவற்றில் வரும். ஏபிஜி மெஷின்கள் பல, சாச்சுரேஷனை PO2இலிருந்து கணக்கிட்டே சொல்வதால், மெஷின் 99 என்றும் விரல் 85 என்றும் காட்டும். அந்த இடைவெளியைப் பார்த்தவுடன் சந்தேகம் வர வேண்டும்.

படி 2: ஆக்சிஜனையே சோதனையாகப் பயன்படுத்துங்கள்

சாச்சுரேஷன் குறைய ஷன்ட் மட்டுமே காரணமில்லை. ஆஸ்துமாவிலும் சிஓபிடியிலும் நுண்ணறைகள் முழுதாக அடைபட்டிருக்காது. காற்று கொஞ்சமாவது, மெதுவாகவாவது போய்வரும். அதனால் அந்த நோயாளிகளுக்கு ஆக்சிஜனைக் கொஞ்சம் கூட்டினாலே நன்றாக ஏறும். 100 சதவீதம் கொடுத்துக் காத்திருந்தால், மெதுவாகக் காற்றுப் போகும் நுண்ணறையில்கூட நைட்ரஜன் முழுக்க வெளியேறி அந்த இடத்தை ஆக்சிஜன் நிரப்பிவிடும். காற்று போய்வரும் இடம் எதுவானாலும் கடைசியில் 600க்கு மேல் வந்துவிடும். அப்படி வராமல் மிஞ்சுவது ஷன்ட்.

நோயாளி வெண்டிலேட்டரில் இருந்தால் FiO2வை 1.0 வைத்து 15 முதல் 20 நிமிடம் பொறுத்து ஏபிஜி எடுங்கள். அவசரப்பட்டு 5 நிமிடத்தில் எடுத்தால், மெதுவான நுண்ணறைகளில் நைட்ரஜன் இன்னும் இருக்கும், இல்லாத ஷன்ட் இருப்பதாகத் தெரியும். முடிந்ததும் FiO2வைத் திரும்பக் குறைக்க மறக்காதீர்கள். 100 சதவீதத்திலேயே விட்டுவைத்தால் வேறொரு சிக்கல் வரும். நைட்ரஜன் இருந்தவரை நுண்ணறையை அது தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. வெறும் ஆக்சிஜன் மட்டும் இருக்கும்போது, வழி குறுகலான நுண்ணறைகளில் வருவதைவிட ரத்தம் உறிஞ்சுவது வேகமாகி அவை சுருங்கி மூடிக்கொள்ளும். ஷன்ட்டைக் கண்டுபிடிக்கச் செய்த சோதனையே ஷன்ட்டைக் கூட்டிவிடும்.

PaO2 500க்கு மேல் வந்தால் பெரிய ஷன்ட் இல்லை. 150க்கும் 500க்கும் நடுவே வந்தால் ஒரு மேலோட்டமான கணக்கு உண்டு. நுண்ணறை அழுத்தமான 670இலிருந்து PaO2வைக் கழித்து, 20ஆல் வகுத்தால் ஷன்ட் சதவீதம் கிடைக்கும். 270 வந்திருந்தால் 400ஐ 20ஆல் வகுத்து, 20 சதவீதம். ஆனால் இந்தக் குறுக்குவழி PaO2 நன்றாக உயர்ந்திருக்கும்போது மட்டும்தான் செல்லும். நம் நோயாளிக்கு இதைப் போட்டால் 606ஐ 20ஆல் வகுத்து 30 சதவீதம் என்று வரும், உண்மையோ 40. ஹீமோகுளோபின் முழுதாக நிரம்பாத நிலையில் இந்தக் கணக்கு ஷன்ட்டைக் குறைத்துத்தான் காட்டும்.

சரியாகத் தெரிய வேண்டுமென்றால் 1942இல் பெர்க்ரென் கொடுத்த சமன்பாடு இருக்கிறது. இன்றும் அதுதான்:

```
Qs/Qt = (CcO2 − CaO2) / (CcO2 − CvO2)
```

CcO2 என்பது நல்ல நுண்ணறையை ஒட்டி வரும் ரத்தத்தில் உள்ள அளவு, CvO2 உடலிலிருந்து திரும்பி வரும் சிரை ரத்தத்தில் உள்ள அளவு. நம் நோயாளியின் எண்களைப் போடுங்கள். மேலே 22.1 − 18.8 = 3.3. கீழே 22.1 − 13.8 = 8.3. வகுத்தால் 0.4. இதற்குக் கலந்த சிரை ரத்தம் வேண்டும், அது நுரையீரல் தமனிக் கதீட்டர் உள்ளவர்களிடம்தான் கிடைக்கும். கழுத்தில் போட்ட சென்ட்ரல் லைனின் ரத்தத்தை வைத்தும் தோராயமாகப் போடலாம்.

படி 3: ஷன்ட்டைக் குறையுங்கள், ஆக்சிஜனை மட்டும் நம்பியிருக்காதீர்கள்

நம் நோயாளியை வலப்பக்கமாக, அதாவது நல்ல நுரையீரல் கீழே இருக்கும்படி ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஈர்ப்பினால் ரத்தம் கீழே உள்ள நுரையீரலுக்கு அதிகம் போகும். ஷன்ட் 40இலிருந்து 30க்குக் குறைந்தது என்று வைப்போம். அதே கணக்கைத் திரும்பப் போட்டால், 100 சதவீத ஆக்சிஜனில் சாச்சுரேஷன் 92இலிருந்து 98 அருகே வந்துவிடும், PaO2 100ஐத் தொடும். இதைவிட எனக்குப் பிடித்த எண் ஒன்று உண்டு. ஷன்ட் 30 ஆன பிறகு FiO2வை 0.5க்கு இறக்கினாலும் சாச்சுரேஷன் 93 இருக்கும். ஒரு தலையணையும் இரண்டு பேர் உதவியும் செய்த வேலை, ஆக்சிஜனைப் பாதியாக்குவதற்குச் சமம்.

இதற்கு விதிவிலக்கு உண்டு. கெட்ட நுரையீரலில் ரத்தக் கசிவோ சீழ்க்கட்டியோ இருந்தால் அதை மேலே வைக்கக் கூடாது, ஒழுகி நல்ல நுரையீரலையும் கெடுத்துவிடும். கைக்குழந்தைகளுக்கு இந்த விதியே பொருந்தாது, அவர்களில் மேலே இருக்கும் நுரையீரலுக்குத்தான் காற்று நன்றாகப் போகும்.

இரண்டு நுரையீரலும் பாதிக்கப்பட்ட ஏஆர்டிஎஸ்ஸில் ஒருக்களிப்பது போதாது. அங்கே மூடிக்கிடக்கும் நுண்ணறைகளை மூச்சு வெளிவிடும் முடிவிலும் திறந்து வைத்திருக்க வெண்டிலேட்டரில் பீப் அழுத்தம் கொடுக்கிறோம். 1967இல் ஏஆர்டிஎஸ்ஸை முதன்முதலில் விவரித்தவர்களே பீப் உதவுவதைக் கவனித்திருந்தார்கள். குப்புறப் படுக்க வைப்பது இன்னொரு வழி. முதுகுப்புறத்து நுண்ணறைகள் திறக்கும், ரத்தமோ பெருமளவு முதுகுப்புறத்துக்கே போய்க்கொண்டிருக்கும். கடுமையான ஏஆர்டிஎஸ்ஸில் ஒரு நாளில் குறைந்தது 16 மணி நேரம் குப்புறப் படுக்க வைத்த பிரெஞ்சு ஆய்வு 2013இல் வெளிவந்தது. அதில் 28 நாள் மரணம் 33 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைந்தது.

நம் நோயாளி மாதிரி ஒரு பக்கம் மட்டும் கெட்டவர்களுக்குப் பீப்பைக் கூட்டும்போது கண்ணை மானிட்டரில் வையுங்கள். அழுத்தம் எளிதாக விரியும் பக்கத்துக்கே போகும், அதாவது நல்ல நுரையீரலுக்கு. அது அளவுக்கு மீறி உப்பினால் அதன் நுண்குழாய்கள் நசுங்கி, ரத்தம் கெட்ட பக்கத்துக்குத் தள்ளப்படும். பீப் ஏற்றியதும் சாச்சுரேஷன் இறங்கினால் இதைத்தான் முதலில் நினைக்க வேண்டும். பீப்பை இறக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

சளி அடைத்து ஒரு பகுதி சுருங்கியிருந்தால் உறிஞ்சி எடுப்பதே சிகிச்சை. மூச்சுக்குழாய் டியூப் ஆழமாகப் போய் வலது குழலுக்குள் நின்றிருந்தால் இடது நுரையீரல் முழுக்க ஷன்ட் ஆகிவிடும். டியூப் போட்ட சற்று நேரத்தில் சாச்சுரேஷன் விழுந்தால் உதட்டருகே எத்தனை செ.மீ. என்று பாருங்கள், இரு பக்கமும் ஸ்டெதாஸ்கோப் வையுங்கள்.

படி 4: நுரையீரல் மாறாமலே சாச்சுரேஷன் விழுந்தால்

இதைப் பலர் கவனிக்கத் தவறுகிறார்கள். நம் நோயாளியின் ரத்த அழுத்தம் இறங்கி, இதயம் பம்ப் செய்வது குறைந்துவிட்டது. உடல் தனக்கு வேண்டியதைக் குறைந்த ரத்தத்திலிருந்து எடுக்க வேண்டும், 100 மி.லி.க்கு 5 எடுத்தது இப்போது 8 எடுக்கிறது. ஷன்ட் அதே 40 சதவீதம், FiO2 அதே 1.0. ஆனால் கெட்ட நுரையீரல் வழியாக வரும் ரத்தம் முன்னைவிட வெறுமையாக வருகிறது. கலவையின் சாச்சுரேஷன் 92இலிருந்து 83க்கு விழும். எக்ஸ்ரேயில் எந்த மாற்றமும் இருக்காது. இங்கே வெண்டிலேட்டரைத் திருகிக்கொண்டிருப்பதில் பயனில்லை, ரத்த அழுத்தத்தையும் இதயத்தையும் கவனிக்க வேண்டும். காய்ச்சல், நடுக்கம், மூச்சுத் திணறலின் உழைப்பு ஆகியவையும் உடல் எடுக்கும் ஆக்சிஜனைக் கூட்டி இதே விளைவைத் தரும். காய்ச்சலைத் தணிப்பதும் வெண்டிலேட்டரோடு போராடும் நோயாளியை அமைதிப்படுத்துவதும் சாச்சுரேஷனை ஏற்றுவது இதனால்தான்.

நுரையீரல் சுத்தமாக இருந்தால் இதயத்தைப் பாருங்கள்

எக்ஸ்ரே தெளிவாக இருக்கிறது, 100 சதவீதத்திலும் ஏறவில்லை என்றால் ரத்தம் இதயத்துக்குள்ளேயே குறுக்கே போகிறதா என்று பார்க்க வேண்டும். சிரையில் குலுக்கிய சலைன் செலுத்தி எக்கோவில் குமிழிகளைக் கவனிப்பார்கள். வலப்பக்கத்தில் தெரிந்து 3 துடிப்புக்குள் இடப்பக்கத்திலும் தெரிந்தால் ஓட்டை இதயத்தில் இருக்கிறது. தாமதமாக வந்தால் நுரையீரலின் ரத்தக்குழாய்களில் இருக்கிறது. பெரியவர்களில் நாலில் ஒருவருக்கு மேலறைகளுக்கு இடையே முழுதாக மூடாத சிறு வழி இருக்கிறது. சாதாரணமாக அது தெரியாது. நுரையீரல் தமனியில் ரத்தக்கட்டி அடைத்தோ பீப் அதிகமாகியோ வலப்பக்க அழுத்தம் ஏறினால் அது திறந்துகொள்ளும்.

நீலம் பூத்த பச்சிளம் குழந்தையில் இதே சோதனையை 10 நிமிடம் 100 சதவீத ஆக்சிஜனில் செய்வார்கள். வலது கைத் தமனியின் PaO2 150ஐத் தாண்டினால் நுரையீரல் கோளாறாக இருக்க வாய்ப்பு அதிகம். 100ஐயும் தாண்டவில்லை என்றால் பிறவி இதயக் கோளாறை நினைக்க வேண்டும். அத்தகைய சில குழந்தைகள், கருவில் இருந்த இணைப்புக் குழாய் மூடாமல் இருப்பதை நம்பியே உயிரோடு இருக்கும். அதிக ஆக்சிஜன் அந்தக் குழாயைச் சுருக்கும். ஆகவே இந்தச் சோதனையைத் தனியாகச் செய்யாதீர்கள். குழாயைத் திறந்து வைக்கும் புரோஸ்டாகிளாண்டின் மருந்தும், அதனால் மூச்சு நின்றால் கவனிக்க ஆளும் பக்கத்தில் இருக்க வேண்டும். ஃபேலட் குழந்தைக்குத் திடீரென நீலம் கூடும்போது முழங்கால்களை நெஞ்சோடு மடக்கிப் பிடிப்பதும் ஷன்ட்டுக்கான வைத்தியமே. உடலின் ரத்தக்குழாய்த் தடை கூடுவதால் ரத்தம் குறுக்கே போவது குறைந்து நுரையீரலுக்கு அதிகம் போகிறது.

இதயத்தில் ஷன்ட் உள்ளவர்களின் ஐவி லைனில் ஒரு சிறு காற்றுக் குமிழிகூட இருக்கக் கூடாது. மற்றவர்களில் நுரையீரல் வடிகட்டிவிடும் குமிழி, இவர்களில் நேராக மூளைக்குப் போகலாம். மருந்து செலுத்தும் ஒவ்வொரு முறையும் லைனைத் தட்டிக் குமிழியை எடுத்துவிட்டுச் செலுத்துங்கள்.

ஷிஃப்ட் மாறும்போது

"சாச்சுரேஷன் 92" என்று மட்டும் எழுதினால் அடுத்து வருபவருக்கு ஒன்றும் தெரியாது. எந்த FiO2இல், எவ்வளவு பீப்பில், எந்தப் பக்கம் படுத்திருக்கும்போது, ரத்த அழுத்தம் எவ்வளவு இருக்கும்போது 92 வந்தது என்று ஒரே வரியில் எழுதுங்கள். இரவில் நோயாளியை இடப்பக்கம் திருப்பிய பத்து நிமிடத்தில் 85 ஆனால், அந்த ஒரு வரியைப் பார்த்தே திரும்ப வலப்பக்கம் திருப்பத் தோன்றும். ஆக்சிஜன் குமிழைத் திருகத் தோன்றாது.